விழுப்புரத்தின் பகல் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியில் 96,253 பேர். திண்டிவனத்தில் 72,796 பேர். குடிநீர்த் திட்டமோ, குப்பை வண்டியோ, நிதிப் பங்கீடோ, எதைப் பற்றிய கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இந்த எண்கள்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்துக்குள் நுழைந்து பார்த்தால், மனுவும் கையுமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த 96,253-இல் சேராதவர்கள். மரக்காணத்திலிருந்து, செஞ்சியிலிருந்து, வானூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். மாலையில் அவர்கள் திரும்பிவிடுவார்கள். கணக்கெடுப்புக்கு அவர்கள் அந்த ஊருக்கு வந்ததே தெரியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஊரை அதன் தூக்கத்தில் எண்ணுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இது சொல்லுக்குச் சொல் உண்மை. 1931 வரை நாடு முழுவதும் ஒரே இரவில், அவரவர் படுத்திருந்த இடத்திலேயே தலை எண்ணினார்கள். பிறகு அந்த ஓரிரவு முறை கைவிடப்பட்டு, சில வார காலத்துக்குள் வீடு வீடாகப் போய் எண்ணும் வழக்கம் வந்தது. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். ஒரு வீட்டில் வழக்கமாகத் தங்கி, அந்த வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவரா என்பதுதான் கேள்வி. பகலில் எங்கே இருந்தார் என்பது பொருட்டல்ல. வீடற்றவர்களை மட்டும் பிப்ரவரி 28 இரவில், படுத்த இடத்தில் எண்ணினார்கள். பழைய முறையின் மிச்சம் அது.

பிரம்மதேசத்தில் நடக்கும் பொழிவுக்கு விழுப்புரத்தின் பகலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. திண்டிவனம்–மரக்காணம் சாலையிலுள்ள இவ்வூரைப் போன்ற ஊர்கள் காலையில் ஆட்களை அனுப்பி, மாலையில் திரும்பப் பெறுகின்றன. ஒரு நகரத்தின் பகல் கூட்டம் என்பது நூற்றுக்கணக்கான இப்படிப்பட்ட ஊர்களின் பகல் வெறுமைதான். ஒன்றை எண்ணாமல் மற்றதை எண்ண முடியாது.

இந்தச் சிக்கலை முதலில் சண்டையாக்கியது லண்டன். லண்டன் மாநகரத்தின் நடுவிலுள்ள, ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புள்ள பழைய ‘சிட்டி’ பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வீடுகள் வங்கிகளாகவும் கிடங்குகளாகவும் மாறிக்கொண்டிருந்தன. அரசுக் கணக்கெடுப்பு நடந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியின் மக்கள்தொகை சரிந்தது. 1861-இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது, 1891-இல் நாற்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. சுருங்கிவரும் ஊருக்கு இத்தனை சலுகையும் இத்தனை அதிகாரமும் எதற்கு என்று கேட்கிறவர்கள் கிளம்பினார்கள். சிட்டி நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. தன் சொந்தச் செலவில் ‘பகல் கணக்கெடுப்பு’ என்ற ஒன்றை நடத்தியது. முதலில் 1866, பிறகு 1881, 1891, 1911. படிவத்தை வீட்டுக்குக் கொடுக்காமல் கடைக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்தார்கள். 1891 பகலில் அங்கே சுமார் மூன்று லட்சம் பேர் வேலையில் இருந்தது தெரியவந்தது. வாடிக்கையாளர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. எண்ணிக்கை என்பது அரசியல் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது அரிது. தூங்குகிறவர்களை எண்ணினால் தோற்றுப்போகும் ஊர், உழைக்கிறவர்களை எண்ணி ஜெயிக்கப் பார்த்தது.

இன்று உலகில் இந்தக் கணக்கை மிக ஒழுங்காகப் போடுகிற நாடு ஜப்பான். அதன் சூத்திரம் எளிது: குடியிருப்போர் தொகையிலிருந்து, வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போகிறவர்களைக் கழி. வேலைக்கும் படிப்புக்கும் உள்ளே வருகிறவர்களைக் கூட்டு. கிடைப்பது பகல் மக்கள்தொகை. டோக்கியோவின் சியோடா வட்டத்தில் அரண்மனையும் அமைச்சகங்களும் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன. 2015-இல் அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 58 ஆயிரம். அந்த வட்டத்தின் பகல் தொகை சுமார் 8 லட்சத்து 53 ஆயிரம். ஒருவர் தூங்கும் இடத்தில் பதினான்கு பேருக்கு மேல் விழித்திருக்கிறார்கள்.

ஆனால் ஜப்பானியக் கணக்கின் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர், மருத்துவமனைக்கு வருகிறவர், கோயிலுக்கு வருகிறவர், சுற்றுலாப் பயணி, இவர்கள் யாரும் அதில் இல்லை. இரவுப் பணிக்கு வருகிறவரோ பகலில் வந்தவராகவே எண்ணப்படுகிறார். ‘பகல்’ என்று பெயர் இருந்தாலும் கடிகாரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அலுவலகமும் கல்லூரியும் அடர்ந்த டோக்கியோவுக்கு இந்தச் சூத்திரம் ஓரளவு பொருந்தும். விழுப்புரத்துக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி சம்பளத்துக்கு வராதவர்கள். பத்திரம் பதிய, பட்டா கேட்க, வழக்கில் ஆஜராக, துணி எடுக்க, டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள். சூத்திரம் அவர்களை விட்டுவிடும்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் போட்ட கணக்கு இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகிறது. குடியிருப்போர் 16 லட்சம். வேலைக்கு வருகிறவர்களைக் கூட்டி, வெளியே போகிறவர்களைக் கழித்தால் 31 லட்சத்தை ஒட்டி வருகிறது. நோயாளிகள், மாணவர்கள், சுற்றுலாக்காரர்கள், ஒருநாள் விருந்தாளிகள் எல்லாரையும் சேர்த்தால் வாரநாளில் 39 லட்சம். சூத்திரத்துக்கும் தெருவுக்கும் இடையே எட்டு லட்சம் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் அந்தச் சூத்திரத்துக்கான தகவலே முழுசாக இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஒரு நல்ல கேள்வி இருந்தது: வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள்? நாடு முழுவதும் விவசாயத்துக்கும் வீட்டுத் தொழிலுக்கும் வெளியே வேலை செய்கிற சுமார் இருபது கோடிப் பேரின் பதில்கள் அட்டவணையாக வந்தன. நடந்து போகிறவர் எத்தனை, சைக்கிள் எத்தனை, பஸ் எத்தனை, ரயில் எத்தனை என்று மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். பயன் உள்ள அட்டவணைதான். ஆனால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. திண்டிவனத்தில் குடியிருக்கும் ஒருவர் தினமும் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறார் என்று தெரியும். அவர் தெற்கே விழுப்புரம் போகிறாரா, தென்கிழக்கே புதுச்சேரி போகிறாரா, வடக்கே மேல்மருவத்தூர்ப் பக்கம் போகிறாரா என்று தெரியாது. கழிக்க வேண்டியது கையில் இருக்கிறது. எந்த ஊரில் கூட்டுவது என்பது இல்லை. மாணவர்களும், விவசாயக் கூலிகளும் அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அது சிறிய விடுபடல் அல்ல.

எங்கே போகிறார்கள் என்று தெரியாததற்கு ஒரு சுற்றுவழி உண்டு. வேலை செய்கிறவர்களை வீட்டில் எண்ணாமல் வேலை நடக்கிற இடத்தில் எண்ணுகிற கணக்கெடுப்பு ஒன்றை இந்தியா 1977 முதல் அவ்வப்போது நடத்திவருகிறது. அதுதான் பொருளாதாரக் கணக்கெடுப்பு. பெட்டிக்கடையிலிருந்து ஆலை வரை ஒவ்வொரு நிறுவனத்திலும் எத்தனை பேர் என்று பதிவாகும். லண்டன் சிட்டி செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். ஓர் ஊரில் வேலை செய்கிறவர்கள் எத்தனை என்பதை இதிலிருந்து எடுத்து, அந்த ஊரில் குடியிருக்கும் தொழிலாளர் எத்தனை என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துக் கழித்தால், நிகரமாக வந்துசேரும் உழைப்பாளிகள் தெரிவார்கள். அமெரிக்காவில் இதே கூட்டல் கழித்தலில்தான் பகல் தொகை கணக்கிடுகிறார்கள்.

விழுப்புரத்துக்கு இதைச் செய்யப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். 2013-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, பயிர்த்தொழிலோடு அரசு நிர்வாகத்தையும் விட்டுவிட்டது. அதாவது ஆட்சியர் அலுவலகம், கருவூலம், வட்டாட்சியர் அலுவலகம் எதுவும் அதில் வராது. நெசவு ஊருக்கும் பட்டாசு ஊருக்கும் இதனால் பெரிய நஷ்டமில்லை. மாவட்டத் தலைநகரம் என்பதாலேயே பகலில் பெருகும் ஊருக்கு, எதனால் பெருகுகிறதோ அதையே நீக்கிவிட்ட கணக்கு கிடைக்கும்.

அரசு அலுவலகம் ஓர் ஊரின் பகலை எவ்வளவு மாற்றும் என்பதற்கு விழுப்புரத்தின் வரலாறே சாட்சி. 1993 செப்டம்பர் 30-க்கு முன்னால் இது தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்குப் போக வேண்டும். மாவட்டம் பிரிந்ததும் அந்தப் பயணங்கள் திசை மாறின. கடலூரின் பகலிலிருந்து ஒரு பகுதி விழுப்புரத்தின் பகலுக்கு வந்தது. கல்வராயன் மலையிலிருந்துகூட ஆட்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இங்கே வந்தார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அவர்கள் வருவது நின்றது. இந்த இரண்டு நாட்களிலும் விழுப்புரத்தில் ஒரு வீடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பகல் தொகை மட்டும் அரசாணையால் ஏறி இறங்கியது. விழுப்புரத்தின் வளர்ச்சியை 1991, 2001, 2011 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை வரைபடமாகப் போடுகிறவர்கள் யாரும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்க முடியாது.

நிகரம் என்ற சொல்லிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு விழுப்புரத்திலிருந்து கிராமங்களை நோக்கிப் போகும் டவுன் பஸ்ஸில் ஆசிரியர்களும் கிராம செவிலியர்களும் வங்கி ஊழியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வரும் பஸ்ஸில் அதே கிராமங்களின் கல்லூரிப் பிள்ளைகளும் ஜவுளிக்கடைப் பெண்களும் படியில் தொங்குகிறவர்களும் இருப்பார்கள். அதே நேரத்தில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் புதுச்சேரி போகிறவர்கள் ஒருபுறம், ஜிப்மருக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒருபுறம். பத்தாயிரம் பேர் வெளியே போய், பத்தாயிரம் பேர் உள்ளே வந்தால் நிகரம் பூஜ்யம். பகல் தொகையும் குடியிருப்போர் தொகையும் ஒன்றே என்று அறிக்கை எழுதிவிடலாம். பஸ் நிலையத்தில் இருபதாயிரம் பேர் ஏறி இறங்கியிருப்பார்கள் என்பது அந்தப் பூஜ்யத்துக்குள் மறைந்துவிடும். கழிப்பறைக்கும், நடைமேடைக்கும், சாலைச் சந்திப்புக்கும் மொத்த எண்தான் தேவை. நிகர எண் அங்கே உதவாது.

ஓர் ஊரின் பகலை நேரடியாகவே எண்ணிப் பார்க்கலாம். போக்குவரத்துப் பொறியாளர்கள் செய்கிற சுற்றெல்லைக் கணக்கு அதுதான். ஊரைச் சுற்றி ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கோட்டை வெட்டும் ஒவ்வொரு வழியிலும் ஆளை நிறுத்த வேண்டும். விழுப்புரத்துக்கு அது லேசான காரியமல்ல. சென்னைச் சாலை, திருச்சிச் சாலை, புதுச்சேரிச் சாலை, திருக்கோவிலூர்ச் சாலை, செஞ்சிச் சாலை என்று வழிகள் பிரிகின்றன. இதற்கு மேல் ரயில். சென்னைப் பாதை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் பாதை, கடலூர் வழியாக மயிலாடுதுறைப் பாதை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பாதை, புதுச்சேரிப் பாதை என்று ஐந்து திசைகள்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஊரில் குடியிருப்போர் மட்டும் இருக்கிறார்கள் என்று தொடங்குவார்கள். ஒவ்வொரு மணிக்கும் உள்ளே வந்தவர்களைக் கூட்டி, வெளியே போனவர்களைக் கழித்துக்கொண்டே போவார்கள். இப்படிச் செய்தால் ஒரே எண் கிடைப்பதில்லை, ஒரு வளைகோடு கிடைக்கிறது. கைக்கணக்குக்காக ஒரு பாவனை ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் எட்டாயிரம் பேர் வெளியே போகிறார்கள், மூவாயிரம் பேர் வருகிறார்கள். எட்டு மணிக்கு ஊரில் இருப்பவர்கள் குடியிருப்போரைவிட ஐயாயிரம் குறைவு. எட்டிலிருந்து பதினொன்றுக்குள் இருபதாயிரம் பேர் வருகிறார்கள், நாலாயிரம் பேர் போகிறார்கள். பதினொரு மணிக்குக் குடியிருப்போரைவிடப் பதினோராயிரம் அதிகம். ஒரே ஊர், ஒரே காலை. எட்டு மணி ஆள் இந்த ஊர் காலியாகிறது என்பார். பதினொரு மணி ஆள் நெருக்கியடிக்கிறது என்பார். இருவரும் சொல்வது சரி.

இந்த முறையில் பிழை எப்படி நுழைகிறது, எப்படிப் பிடிபடுகிறது என்பது சுவாரசியமானது. ஒரு மணியில் ஏற்படும் தவறு அந்த மணியோடு நிற்காது. அடுத்தடுத்த மணிகளின் தலையில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கணக்கு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் இரண்டாயிரம் பேர் மிஞ்சினால், அவர்கள் எல்லாரும் விழுப்புரத்தில் ராத்தங்கிவிட்டார்கள் என்று நம்புவதைவிட, எண்ணியவர்கள் எங்கோ தவறவிட்டார்கள் என்று நம்புவதே நல்லது. இரு சக்கர வண்டிகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. பின்னிருக்கையில் இருப்பவரையும், நடுவில் ஒடுங்கியிருக்கும் குழந்தையையும், முக்கியச் சாலையை விட்டுக் கிளைப்பாதையில் நழுவுகிறவரையும் பிடிப்பது கஷ்டம்.

வேறொரு தொல்லை விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் பொது. இவை வழியூர்கள். திருச்சியிலிருந்து சென்னை போகும் பஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வரும், மறுபுறம் வெளியேறும். அதில் இருந்த ஐம்பது பேர் ஊரில் ஒரு காலடிகூட வைத்திருக்க மாட்டார்கள். வாங்கிய டிக்கெட்டையும் கடந்த வண்டியையும் நம்பினால் அவர்களும் ஊரின் பகல் மக்களாகிவிடுவார்கள். விக்கிரவாண்டியில் நெடுந்தூரப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் மோட்டல்கள் இதைவிடச் சிக்கல். அங்கே இறங்கிக் கால் மணி நேரம் தோசை சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர் விக்கிரவாண்டிக்கு வந்தவரா, வராதவரா? தண்ணீர் குடித்தார், கழிப்பறைக்குப் போனார், குப்பை போட்டார், காசும் கொடுத்தார். ஊருக்குள் போகவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் அந்தச் சாலையோரத்தில் நிற்கும் கூட்டத்தை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

ரயில்வேயின் கணக்கு வேறு விதம். ஒரு நிலையத்தில் எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்பதை டிக்கெட் விற்பனையிலிருந்து எடுப்பார்கள். மாதச் சீசன் டிக்கெட் ஒன்றுக்கு ஐம்பது பயணம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். விழுப்புரத்தில் வண்டி மாறிப் புதுச்சேரி போகிறவர் விழுப்புரக் கணக்கில் வரமாட்டார், ஏனென்றால் அவர் டிக்கெட் வேறெங்கோ வாங்கியது. நடைமேடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அவர் அந்த நிலையத்தின் பயணி அல்ல. சீசன் டிக்கெட்டிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக அது 150 கிலோமீட்டர் வரைக்கும்தான். எழும்பூரிலிருந்து திண்டிவனம் அந்த எல்லைக்குள் நன்றாக அடங்குகிறது. விழுப்புரம் ஏறக்குறைய 160 கிலோமீட்டரில் அதற்கு வெளியே நிற்கிறது. தாம்பரம் வரை மட்டும் எடுத்தால் விழுப்புரமும் அடங்கிவிடும். சென்னையின் தினசரிப் பயணி எந்த ஊர் வரை இருப்பார் என்பதை ஓரளவு இந்த விதி வரைந்து வைத்திருக்கிறது.

அண்மையில் சேர்ந்த புதிய ஆதாரம் ஒன்று, யாரும் இந்த நோக்கத்துக்காக உருவாக்காதது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் விலையில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும், போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்ட அந்த எண்ணிக்கைதான் அடிப்படை. முன்பு ஷேர் ஆட்டோவிலும் நடையிலும் போய், எந்தப் பதிவிலும் சிக்காத கிராமத்துப் பெண்களின் பயணங்கள் இப்போது வழித்தட வாரியாகப் பதிவாகின்றன. கடைவேலைக்கும் வீட்டுவேலைக்கும் சிற்றாள் வேலைக்கும் திண்டிவனம் வருகிற பெண்கள் இதில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு கேட்க மறந்ததை நடத்துநரின் கருவி தினமும் எழுதிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இத்தனை வழிகளில் எண்ணிய பிறகு கிடைக்கும் எண்ணை வைத்து என்ன செய்வது? இங்கேதான் தண்ணீர்ப் பொறியாளர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் குடியிருப்பவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு வைத்திருக்கும் அளவு. அதே கையேடு அலுவலகத்துக்கும் பகல்நேரப் பள்ளிக்கும் தலைக்கு 45 லிட்டர் என்கிறது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்கும் சந்திப்பு நிலையத்தில் பயணிக்கு 70 லிட்டர். பெரிய மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு 450 லிட்டர்.

விழுப்புரத்தின் 96,253 பேருக்கு 135 லிட்டர் வீதம் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் லிட்டர். பகலில் பத்தாயிரம் பேர் கூடுதலாக வந்து தலைக்கு 45 லிட்டர் செலவழித்தால் நாலரை லட்சம் லிட்டர். வந்துபோகும் மூன்று பேர், குடியிருக்கும் ஒருவருக்குச் சமம். அதனால் தண்ணீரைப் பொறுத்தவரை பகல் கூட்டம் பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய சுமை அல்ல. ஆனால் அந்த மூன்று பேரும் சாலையில் மூன்று பேராகத்தான் நடக்கிறார்கள். வண்டி நிறுத்த மூன்று இடம் கேட்கிறார்கள். கல்லூரியில் மூன்று இருக்கை. தெருவிளக்கு அவர்களுக்கு வேண்டாம், வீட்டுக் குப்பையும் அவர்களிடம் கிடையாது. கழிப்பறையில் கணக்கு தலைகீழாகிறது. குடியிருப்பவருக்கு வீட்டில் கழிப்பறை இருக்கிறது, பஸ் நிலையத்துக் கழிப்பறைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர் வெளியூர்க்காரர். ஆகவே ‘விழுப்புரத்தின் பகல் மக்கள்தொகை இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணைக் கேட்கிறவருக்குத் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது. தண்ணீருக்கு ஒரு பதில், சாலைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று.

இந்த வட்டாரத்தில் தலைக்கு இவ்வளவு என்று அளந்து திட்டமிடுவது புதிதும் அல்ல. இவ்வூரின் பெயரையே கொண்ட இன்னொரு பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் எண்ணாயிரம் இருக்கிறது. அங்குள்ள முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, வேதக் கல்லூரியின் இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மூத்த மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழியும் என்று நிவந்தம் வகுக்கிறது. பிறந்த ஊரைக் கேட்காமல், அந்த இடத்தில் இருக்கும் வாயை எண்ணியிருக்கிறார்கள். 135-க்கும் 45-க்கும் அது தூரத்துச் சொந்தம்.

எல்லைக்கோடு எங்கே என்பதும் பதிலை மாற்றிவிடும். விழுப்புரத்துக்கு மருத்துவத்துக்காக வருகிறவர்களைக் கேட்டால் ‘விழுப்புரம் பெரியாஸ்பத்திரி’ என்பார்கள். 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது, நகராட்சி எல்லைக்கு வெளியே. படுக்கைக்கு 450 லிட்டரும், நோயாளிக்குத் துணையாக வந்து வெளியே படுத்திருக்கும் உறவினர்களும், இட்லிக் கடைகளும் நகராட்சியின் பகலில் சேராமல் பக்கத்துக் கிராமத்தின் பகலில் சேர்கின்றன. ஒரு கிராமத்தின் குடியிருப்போர் தொகையை வைத்து அந்த இடத்துக்கு வசதி ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்பதை அங்கே ஒருமுறை பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

மேல்மலையனூர் இந்தச் சூத்திரங்கள் அனைத்தையும் தலைகுப்புறக் கவிழ்க்கிற இடம். அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. கூட்டம் பகலில் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும் சேரத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, விடிவதற்குள் கலைகிறது. ஊரின் மிகப் பெரிய ‘பகல்’ மக்கள்தொகை அங்கே நள்ளிரவில் நிகழ்கிறது, அதுவும் மாதம் ஒருமுறை. ஆண்டுச் சராசரி போட்டால் அது சிறிய எண்ணாகக் கரைந்துபோகும். சராசரிக்குக் கட்டிய கழிப்பறை அமாவாசை இரவில் எதற்கும் காணாது. அமாவாசைக்குக் கட்டியது மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். திருவண்ணாமலையின் பௌர்ணமி கிரிவலத்துக்கும் இதே சங்கடம் உண்டு. ஆனால் அது நகரம், 2011-லேயே ஒன்றரை லட்சம் பேரை நெருங்கியிருந்தது. மேல்மலையனூர் ஊராட்சி.

தென்கொரியா இதற்கு ஒரு சட்ட வழி கண்டிருக்கிறது. அங்கே இளைஞர்கள் சியோலுக்குப் போய்விட, சிற்றூர்கள் ஆளில்லாமல் சுருங்குகின்றன. 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சிறப்புச் சட்டம், அத்தகைய ஊர்களுக்கு ‘வாழும் மக்கள்தொகை’ என்ற புதிய அளவை வகுத்தது. பதிவுபெற்ற குடியிருப்போர் போக, மாதத்தில் ஒரு முறையேனும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் அந்த ஊரில் தங்குகிறவரும் அதில் சேர்த்தி. வேலைக்கோ, படிப்புக்கோ, சுற்றுலாவுக்கோ வந்தாலும் சரி. எண்ணுவதற்குக் கைபேசிச் சமிக்ஞைகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த விதிப்படி அமாவாசைக்கு வந்து ஊஞ்சல் பார்த்துவிட்டுப் போகிறவர் மேல்மலையனூரின் ஆள். விக்கிரவாண்டியில் தோசை சாப்பிட்டவர் மூன்று மணி நேரத்தைத் தொடாததால் கழிந்துபோவார்.

இங்கே கைபேசியை அப்படியே நம்ப முடியாது. ஒருவரிடம் இரண்டு சிம் இருக்கும், ஒரு குடும்பத்துக்கு ஒரே போன் இருக்கும், கிராமத்தில் ஒரு கோபுரத்தின் வீச்சுக்குள் மூன்று ஊர்கள் அடங்கும். கூட்டம் மிகுந்த இரவில் சிக்னலே கிடைக்காது. எண்ணுகிற கருவி, எண்ண வேண்டிய கூட்டம் பெருகும்போதுதான் முதலில் திணறும்.

நிதி வந்துசேரும் கால்வாய்கள் மட்டும் இன்னும் குடியிருப்போர் தொகையிலேயே ஓடுகின்றன. பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களுக்கிடையே பங்கிட்டபோது மக்கள்தொகைக்கு 90 விழுக்காடு, பரப்புக்கு 10 விழுக்காடு என்று எடை கொடுத்தது. அந்த மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுடையது. வந்துபோகிறவர் அந்த எடையில் எங்கும் இல்லை. அவர் ஜவுளிக்கடையில் கொடுத்த பணத்தின் ஜிஎஸ்டி டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. நகராட்சிக்கு நேரடியாக வருவது கடைவாடகையும் சொத்துவரியும் பஸ் நிலையத்துச் சில்லறைக் கட்டணங்களும்தான். அந்தக் கழிப்பறைக் குத்தகையும் அதில் ஒன்று.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி என்று அரசு அறிவித்திருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கட்கிழமை தொடங்கும் நள்ளிரவு. சென்னையிலும் புதுச்சேரியிலும் வாரம் முழுதும் அறையெடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களுக்கு வந்துசேர்கிறவர்கள் அந்த நேரத்தில் பாதிப்பேர் திரும்பும் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். மீதிப்பேர் திங்கள் விடியற்காலை முதல் வண்டிக்காக அலாரம் வைத்துப் படுத்திருப்பார்கள். கணக்கெடுப்பாளர் பிப்ரவரியில் வீட்டுக்கு வந்து கேட்கும்போது, பிள்ளை இங்கேதான் இருக்கிறான் என்று அம்மா சொல்வார். சென்னை அறையில் தங்கியிருக்கும் நால்வரில் ஒருவர், இங்கே நான்கு பேர் என்று சொல்லியிருப்பார்.